பூனைக்கு முதல் மரியாதை

9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று இரவில் 12 மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு செலவாகும். மாதத்துக்கு 3 யூனிட், இரண்டு மாதத்துக்கு 6. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உறையூரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும், அவர் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்போ ஆள் வந்தா விளக்கைப் போடுற இந்த சென்சாரை எதுக்குங்க வாங்கினீங்க?"

மிச்சம் பிடிக்க அல்ல. இரண்டு கையிலும் காய்கறிப் பை, போர்டிகோவில் கும்மிருட்டு, சுவிட்சோ பூட்டிய கதவுக்கு உள்ளே. இந்த நிலையில் சாவித்துவாரத்தைத் தடவித் தேடியவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

எலக்ட்ரீஷியன் தம்பி வந்து டப்பாவைப் பிரித்தபோதே முதல் சோதனை காத்திருந்தது. சென்சாரிலிருந்து மூன்று ஒயர்கள் தொங்கின: பழுப்பு, நீலம், சிவப்பு. நம் ஊர் வீடுகளில் சிவப்பு என்றால் பேஸ், கறுப்பு என்றால் நியூட்ரல். "சிவப்போட சிவப்பு, அவ்வளவுதானே?" என்றார் ஆசிரியர். தம்பி சிரித்தபடி டப்பாவில் இருந்த படத்தைக் காட்டினார். அந்த சென்சாரில் பேஸ் உள்ளே வருவது பழுப்பில், நியூட்ரல் நீலத்தில். சிவப்பு, பல்புக்குப் போகிற ஒயர். நிறத்துக்கு நிறம் பொருத்தம் பார்த்து முடிச்சுப் போட்டால் சென்சாருக்கு உயிரே வராது. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, பழைய பல்பு மாட்டியிருந்த இடத்திலேயே இணைப்பு கொடுத்தார். அங்கே பேஸ், நியூட்ரல் இரண்டுமே இருப்பதால் சுவர் கொத்தும் வேலை இல்லை. உள்ளே இருக்கும் சுவிட்ச் மட்டும் இனி எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும்.

கரெண்ட் கொடுத்ததும் விளக்கு தானாக எரிந்தது. யாரும் அசையாமல் நின்றும் அணையவில்லை. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "பீஸ் போயிடுச்சு சார், திருப்பிக் குடுத்துடுங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். இவ்வகை சென்சார் கண்விழித்து நிதானத்துக்கு வர அரை நிமிடம், சிலவற்றுக்கு ஒரு நிமிடம் ஆகும். தீர்ப்பு முடிவதற்குள் விளக்கு அணைந்தது.

அடியில் மூன்று சின்னத் திருகுகள். சென்ஸ் என்பது எட்டும் தூரம், டைம் என்பது எரியும் நேரம், லக்ஸ் என்பது எவ்வளவு இருட்டினால் வேலையைத் தொடங்குவது. எதிலும் எண் கிடையாது. கூட்டல், கழித்தல், சூரியன், நிலா. முப்பத்தைந்து வருடம் எண்ணோடு வாழ்ந்தவருக்கு இது பெரிய அவமானம். சோதித்துப் பார்க்க ஒரு வரிசை உண்டு: லக்ஸைச் சூரியன் பக்கம் முழுக்கத் திருப்பினால் பகலிலும் வேலை செய்யும்; டைமைக் குறைந்தபட்சமான சுமார் 10 விநாடிக்கு வைத்தால் அடுத்தடுத்துப் பார்க்கலாம். அப்படி வைத்துவிட்டு, கேட்டிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து கேட்டுக்கும் ஆசிரியர் நடந்தார். தெருவே பார்த்தது.

சென்சார் மட்டும் பார்க்கவில்லை. எட்டடி உயரத்தில், கதவுக்கு மேலே, நேரே கேட்டைப் பார்த்தபடி மாட்டியிருந்த அது, கேட்டிலிருந்து விறைப்பாக நடந்து வந்தவரைப் பாதி தூரம் வரை சட்டையே செய்யவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருப்பூனை ஒன்று காம்பவுண்டு ஓரமாகக் குறுக்கே போயிற்று. பளிச்சென்று விளக்கு.

காரணம் பூனையிடம் இல்லை. அந்த வெள்ளைக் குமிழில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு லென்ஸ். பிரெஞ்சுக்காரர் ஃபிரெனெல் கலங்கரை விளக்கின் ஒளியைத் தொலைவுக்கு அனுப்ப 1820-களில் உருவாக்கிய அதே முறை. அங்கே ஒளி வெளியே போகிறது, இங்கே உடம்பின் வெப்பக்கதிர் உள்ளே வருகிறது. கட்டங்கள் போர்டிகோவை விசிறிபோல் பல கீற்றுகளாகப் பிரிக்கின்றன. சூடான உடம்பு ஒரு கீற்றிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போதுதான் உள்ளே இருக்கும் உணரிக்கு மாற்றம் தெரியும். குறுக்கே போனால் நாலு எட்டில் பல கீற்றுகளைத் தாண்டலாம். நேராக வருகிறவர் ஒரே கீற்றுக்குள் நடந்துகொண்டே இருப்பார். மரியாதையாக நேர்வழியில் வருகிற விருந்தாளி கடைசியில் தெரிவதும், குறுக்கு வழிப் பூனை முதலில் தெரிவதும் இதனால்தான்.

தம்பி சென்சாரைக் கழற்றிப் பக்கவாட்டுத் தூணுக்கு மாற்றினார். பிளாஸ்டிக் பைப்பில் கொஞ்சம் ஒயர் கூடுதலாயிற்று. இப்போது கேட்டிலிருந்து வருகிறவர் கீற்றுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் வர வேண்டும். ஆனால் தெருவில் போகும் சைக்கிளுக்கும் மாட்டுக்கும்கூட விளக்கு எரிந்தது. சென்ஸ் திருகைக் குறைத்தால் தெரு மறைந்தது, வீட்டுப் பேத்தியும் சேர்ந்து மறைந்தாள். தூரத்தைத் திருகில் குறைப்பதைவிடத் தலையைக் கவிழ்ப்பது மேல் என்றார் தம்பி. கீற்றுகள் கேட்டுக்கு உள்பக்கத் தரையிலேயே முடியும்படி சென்சாரின் கழுத்தை வளைத்தார். அப்படியும் தெரு எட்டிப் பார்த்த ஒரு மூலைக்கு, குமிழின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு. சல்லிக்காசு செலவில்லாத வைத்தியம்.

அடுத்தது டைம். 10 விநாடியில் பைக்குள் சாவி கிடைப்பதில்லை. கதவு முன்னால் அசையாமல் நின்று தேடுகிறவரை உணரி சூடான தூண் என்று எண்ணிவிடும், விளக்கு அணையும், உடனே வந்தவர் இருட்டைப் பார்த்துக் கையை வீசுவார். அந்த வாரம் தபால்காரர்கூட வீசினார். கைபேசியில் கடிகாரம் வைத்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒன்றரை நிமிடத்தில் நிறுத்தினார் ஆசிரியர். ஒவ்வொரு அசைவுக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்பதால் அதற்கு மேல் தேவையில்லை. ஐந்து நிமிடம் வைத்தால், பேத்தி போர்டிகோவில் விளையாடும் மாலையில் விளக்கு அணையவே அணையாது.

லக்ஸைக் கடைசியாகத்தான் வைக்க வேண்டும், அதுவும் அந்திப் பொழுதில். நிலாப் பக்கம் முழுக்கத் திருப்பியபோது இரவு ஒன்பது மணிக்கும் விளக்கு எரியவில்லை. "பௌர்ணமிங்க" என்றார் மனைவி. முழு நிலவின் வெளிச்சம் தரையில் கால் லக்ஸைத் தாண்டுவது அரிது; அந்தத் திருகின் நிலா முனையோ சுமார் 3 லக்ஸ். குற்றவாளி எதிரே இருந்த தெருவிளக்கு. அதன் வெளிச்சத்தில் சென்சாருக்கு இரவே வரவில்லை. மறுநாள் அந்தியில், விளக்கு வேண்டும் என்று தோன்றிய நேரத்தில், ஒருவர் நடக்க ஒருவர் மெல்லத் திருப்ப, எரிந்த இடத்தில் விட்டார்கள்.

இதெல்லாம் மே மாதக் கதை. டப்பாவில் 12 மீட்டர் என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 24 டிகிரிக்குக் கீழே என்றும் போட்டிருந்தது. திருச்சியில் கோடை இரவின் சுவரும் மனிதத் தோலும் ஏறக்குறைய ஒரே சூடு. வித்தியாசம் குறைந்தால் எட்டும் தூரமும் குறையும். அதனால் சென்ஸை மே மாதத்தில் கூட்டி வைத்திருந்தார்கள். மார்கழி விடியலில் சுவர் குளிர்ந்ததும் சென்சாருக்குப் பார்வை கூர்மையாகிவிட்டது. கேட்டுக்கு வெளியே பஜனைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் போர்டிகோ வரவேற்பு கொடுத்தது. ஆசிரியர் ஸ்க்ரூ டிரைவரோடு ஏணியில் ஏறினார்.

குறைத்த பிறகு தெரு அடங்கியது, ஆனால் கோலம் மாட்டிக்கொண்டது. கேட்டுக்கு வெளியே குனிந்து புள்ளி வைக்கிறவர் சென்சாரின் எல்லையிலேயே இல்லை. பாதிச் சிக்கலில் விளக்கு அணைந்தது. தம்பி மறுபடி வந்து, பேஸ் ஒயருக்கும் பல்புக்குப் போகும் ஒயருக்கும் நடுவே, சென்சாரைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி தனி சுவிட்ச் ஒன்றைக் கொடுத்தார். அதைப் போட்டால் சென்சார் என்ன நினைத்தாலும் விளக்கு எரியும். இப்போது தினமும் காலை ஐந்து மணிக்கு ஆசிரியரின் மனைவி அந்த சுவிட்சைப் போட்டுவிட்டுக் கோலமாவுக் கிண்ணத்தோடு வெளியே போகிறார். அணைக்க மறந்துவிடுகிறார். அது அடுத்த பில்லில் எத்தனை யூனிட் என்று ஆசிரியர் தாளில் போட்டுக்கொண்டிருக்கிறார்.