ஒப்பந்தப் பிரியர்

ப்ளேஸ்மென்ட் ஆபீசர் அனுப்பும் கடிதத்தை உறையைப் பிரிக்காமலேயே ஒப்பித்துவிடலாம். மேன்மை பொருந்திய எங்கள் ஸ்தாபனத்தைப் போற்றித் தொடங்கி, பரஸ்பர நன்மையைப் பிரஸ்தாபித்து, ஆண்டுதோறும் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் அளிப்பதற்காக இத்துடன் இணைத்திருக்கும் எம்.ஓ.யு.வில் கையொப்பமிட்டருள வேண்டுமென்று விஞ்ஞாபித்து முடியும் அந்த இரண்டு பக்கங்களில், எத்தனை மாணவர், என்ன படிப்பு, எந்த மாதம் என்பவை மட்டும் எங்கும் இரா. சித்தூருக்கு அருகே மாம்பழக் கூழ் தயாரிக்கும் எங்களை ஒருமுறை 'முன்னணி மென்பொருள் நிறுவனம்' என்று வாழ்த்தியிருந்தார். வேறு யாருக்கோ எழுதியதில் விலாசத்தை மாற்றியவர் வாழ்த்தை மாற்ற மறந்துவிட்டார்.

அவருடைய ஜீவன் அந்தக் கையொப்பத்தில் இருக்கிறது. அதிலும் கையொப்பமிடும் வைபவத்தில் இருக்கிறது. தபாலில் கையெழுத்திட்டு அனுப்புகிறோம் என்றால் முகம் வாடிவிடுகிறது. "அப்படிச் சொல்லாதீங்க சார், நம்ம கரஸ்பாண்டென்ட் காருவே நேரில் வரணும்கிறார்" என்று சொல்லி, நூறு ரூபாய் முத்திரைத்தாளில் இரண்டு பிரதி, அவற்றைத் தாங்க நீலநிற அட்டைக் கோப்பு இரண்டு, எங்கள் முதலாளியின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிய பேனர் ஒன்று, சால்வைகள், பூங்கொத்து, படம் பிடிக்க ஓர் ஆள் ஆகிய சகல பரிவாரங்களோடும் திருப்பதியிலிருந்து வந்து இறங்குகிறார். கோப்பை மாற்றிக்கொள்ளும்போது இருவரும் தம் கையைப் பார்க்கக் கூடாது, காமிராவைத்தான் பார்க்க வேண்டும். யாராவது கண் சிமிட்டிவிட்டால் கொடுத்த கோப்பைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுக்க வேண்டும். நிச்சயதாம்பூலத்துக்கு மட்டும் ஊரைக் கூட்டிவிட்டு முகூர்த்தத்தை மறந்துபோகிற சம்பந்தி போல, படம் எடுத்தானதும் மனிதர் மறைந்துவிடுகிறார்.

அவர்மேல் பழி சொல்லவும் மனம் வருவதில்லை. 2020இல் ஆந்திர மாநில உயர்கல்வி மன்றம் கொண்டுவந்த பாடத்திட்டம், மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் பத்து மாதப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. முதலாண்டு முடிவில் இரண்டு மாதம் சமூக சேவை, இரண்டாமாண்டு முடிவில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப், பிறகு ஐந்தாம் அல்லது ஆறாம் செமஸ்டர் முழுவதும் தொழிலிடத்தில். ஒரு வகுப்பு மாணவர்கள் அத்தனை பேருக்கும் இடம் தேடி வெயிலில் அலைகிற அந்த ஒற்றை மனிதருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்காமல் யாரால் இருக்க முடியும்?

ஆனால் மோர் வேறு, மாங்காய் வேறு. எங்கள் தோதாபுரி ஜூனில் வரத் தொடங்கி ஆகஸ்டோடு ஓய்ந்துவிடும். அந்தச் சில வாரங்களில் லாரிகள் சாலையில் வரிசை கட்டும். பழுக்கவைத்தல், கழுவுதல், கொட்டை நீக்கிக் கூழெடுத்தல், கொதிநிலைக்கு அருகே சூடேற்றிக் கிருமி நீக்கிப் பீப்பாயில் அடைத்தல் என்று இரவுபகலாக நடக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் பிரிக்ஸ் என்னும் இனிப்பளவையும் புளிப்பளவையும் ஆய்வுக்கூடத்தில் குறித்தாக வேண்டும். வேதியியல் படிக்கிற பையன் அப்போது வந்தால், நாங்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வோம். இவரோ ஆறாம் செமஸ்டர் மாணவர்களை, ஆலை பூட்டிக் கிடந்து இயந்திரங்களுக்கு வர்ணம் அடிக்கிற ஜனவரியில் அனுப்புகிறார். அவர்கள் காவலாளியோடு வேர்க்கடலை தின்றுவிட்டு, ஏப்ரலில் சான்றிதழ் கேட்கிறார்கள். ஐந்தாம் செமஸ்டரையே தொழிலிடத்துக்கு ஒதுக்கினால் பருவத்தின் பெரும்பகுதி கிடைக்குமே என்றால், "அது அகடமிக் செக்‌ஷன் சார்" என்கிறார்.

கோபம் வருவது அதற்குப் பிறகுதான். நாக் குழுவுக்கு அறிக்கை தயாராகும் ஆண்டில் நம்மவர் மீண்டும் தோன்றுவார். அந்த அறிக்கை, ஐந்தாண்டுகளில் எத்தனை ஒப்பந்தங்கள் நடைமுறையில் இருந்தன என்று கேட்கிறது. ஒவ்வொன்றின்கீழும் என்ன நடந்தது என்று ஆண்டுவாரியாகக் காட்ட வேண்டும். "ரெண்டு வருஷம் முன்னாடி தேதி போட்டு ஒரு லெட்டர் கொடுங்க சார், பசங்களோட பேரை நாங்களே நிரப்பிக்கிறோம்" என்று, ஏதோ குங்குமப் பிரசாதம் கேட்கிற சாவதானத்தில் கேட்கிறார். நடக்காத பயிற்சிக்கு நான் ஏன் சாட்சி சொல்ல வேண்டும்? நீராவிக் குழாயருகே ஒரு பிள்ளைக்குக் கை வெந்தால் மருத்துவச் செலவு யாருடையது, காப்பீடு யார் எடுப்பது, கல்லூரியில் எந்த ஆசிரியர் பொறுப்பு என்பதைப் பற்றி அவருடைய முத்திரைத்தாள் மூச்சுவிடவில்லை. தகராறு வந்தால் சுமுகமாகப் பேசித் தீர்த்துக்கொள்வதென்றும், எந்தத் தரப்புக்கும் நிதிப் பொறுப்பில்லையென்றும் மட்டும் சொல்கிறது.

ஆகவே, ப்ளேஸ்மென்ட் ஆபீசர் அவர்களே, அடுத்த கடிதத்தை ஏப்ரலுக்குள் அனுப்புங்கள். நான்கு வேதியியல் மாணவர், ஜூன் பதினைந்து முதல், காப்பீடு கல்லூரியுடையது, பதினைந்து நாளுக்கொருமுறை இன்ன ஆசிரியர் வந்து பார்ப்பார் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்க்கிறேன். பேனர் வேண்டாம்.