மொத்த வியாபாரி மாப்பிள்ளைக்கு மாமனின் ஆசீர்வாதம்

வாங்க மொதலாளி, உட்காருங்க. இனிமே உன்னை ‘ஏலே மாப்ள’ன்னு கூப்பிட்டா மரியாதையா இருக்காதே. ‘மொத்த வியாபாரம்’னு போர்டு எழுதப் பெயின்டருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டியாம்ல. எழுத்தைப் பெரிசா போடச் சொல்லு. கடன் கேட்டு வர்றவனுக்குத் தூரத்துலயே தெரியணும்.

சரி, கணக்கைச் சொல்லு பார்ப்போம். சாத்தூர் ரோட்டுல ஒன் மளிகைக் கடை. ரெண்டு டீக்கடை, ஒரு மெஸ், பக்கத்து ஊர்ச் சின்னக் கடைக்காரங்க ரெண்டு பேரு, இவங்கதான் ஒன் பெரிய கை. சீனியும் பருப்பும் எண்ணெயும் மூட்டையா, டின்னா வாங்கிட்டுப் போறாக. மாசம் 2 லட்ச ரூவாய்க்கு எடுக்குறாக. சில்லறை விலையில கொஞ்சம் தள்ளிக் குடுத்தும் நூத்துக்கு 7 ரூவா ஒனக்கு நிக்குது. அப்போ மாசம் 14,000. அதுவும் கையில காசு, கல்லாவுல விழுந்த பிறகுதான் மூட்டை வண்டியேறுது. இந்தச் சுகம் பொறுக்காமத்தான் நீ மொத்த வியாபாரியாகப் போற. நடத்து.

போர்டு ஏறின மறுநாள் என்ன நடக்கும் தெரியுமா? புது ஆளு வரமாட்டான். மெஸ்ஸுக்கார அக்காதான் வரும். “தம்பி, ஹோல்சேலாமே! அப்போ எனக்கென்ன ரேட்டு?”ன்னு கேக்கும். விருதுநகர்ல இருந்து ஏத்திட்டு வர்றவன் என்ன விலைக்குப் போடுறானோ அந்த விலையை நீயும் சொல்லணும். நூத்துக்கு 7 நின்னது 3 ஆயிரும். அடுத்து, “பணம் சனிக்கிழமை”ன்னு சொல்லும். எந்தச் சனிக்கிழமைன்னு நீ கேக்கமாட்ட, அதுவும் சொல்லாது. முந்தாநாள் வரைக்கும் 7 ரூவாய்க்கு ரொக்கம் குடுத்த அதே அஞ்சு பேரை, 3 ரூவாய்க்குக் கடன்காரனா மாத்துன பெருமை ஒன் போர்டையே சேரும்.

“ஆளு கூடும்ல மாமா”ங்குற. கூடட்டும். மூணு மடங்கா, மாசம் 6 லட்சம் ஓடுதுன்னே வச்சுக்க. நூத்துக்கு 3, மொத்தம் 18,000. வாய் நெறையச் சிரிக்காத, இன்னும் கழிக்கல. சராசரியா 21 நாள் கழிச்சுத்தான் பணம் வருதுன்னா 4,20,000 ரூவா ஊருக்குள்ள அலையுது. ஒனக்கு மில்லுக்காரன் குடுக்குறது 7 நாளு, அது 1,40,000. மிச்சம் 2,80,000 ஒன் பையில இருந்து போகணும். பத்து நாள் சரக்கு குடோன்ல கெடக்கணுமே, அது ஒரு 2 லட்சம். ஆக 4,80,000. அந்தப் பணத்துக்கு நூத்துக்கு ஒண்ணரை வட்டின்னா மாசம் 7,200. லோடு ஆட்டோ, ஏத்துக்கூலி, எறக்குக்கூலி 6,000. கழிச்சா நிக்குறது 4,800. மூணு பங்கு வேலை செஞ்சு, மூணுல ஒரு பங்கு சம்பாதிக்கிற வித்தையை ஒனக்கு யாரு கத்துக்குடுத்தா?

இன்னொண்ணு. இன்னைக்கு மூட்டையைப் பிரிச்சுக் கிலோவா வித்தா காலிச் சாக்கு ஒனக்கு மிஞ்சுது, எண்ணெய் டின் மிஞ்சுது. அதை எடைக்குப் போட்டுத்தான ஒன் பெட்டிச் செலவு ஓடுது? மொத்தமாக் குடுத்தா சாக்கும் டின்னும் சரக்கோட போயிரும். எடைக்கழிவு இல்லைங்கிறது மட்டும் ஒரு ஆறுதல்.

இதெல்லாம் காசு வந்தா. வரலைன்னா? ஒரு மெஸ்ஸு 40,000 பாக்கியோட ராவோட ராவா ஷட்டரை இழுத்துட்டுப் போயிட்டான்னு வையி. நூத்துக்கு 3 லாபத்துல அந்த 40,000-ஐத் திருப்ப நீ 13 லட்சத்துக்கு மேல விக்கணும். ரெண்டு மாசம் நீ மூட்டை தூக்குனது, அந்த மெஸ்ஸுக்காரன் வேற ஊர்ல புதுசா இட்லிச் சட்டி வாங்குறதுக்கு. சில்லறைக் கடையில கடன் சொல்லிட்டுப் போற கிழவி அரைக்கிலோ பருப்புதான கொண்டு போவா? ஓடிப்போகவும் மாட்டா, தெருவுலதான் இருப்பா.

அடுத்து ஜிஎஸ்டி. நீ இப்போ காம்போசிஷன்ல இருக்க. வரி உள்ள சரக்கு விற்பனைக்கு நூத்துக்கு 1 ரூவா கட்டிட்டுக் காலை நீட்டிப் படுக்குற. சில்லறைக்கு அது சரி. ஆனா சீனிக்கும் எண்ணெய்க்கும் நீ வாங்கும்போதே நூத்துக்கு 5 வரி குடுத்துட்டுத்தான் வர்ற. காம்போசிஷன்ல அதைத் திரும்ப எடுக்க முடியாது, பில்லுல வரி போட்டு வாங்கவும் கூடாது. பதிவு வச்சிருக்கிற கடைக்காரன் ஒன் பில்லை வச்சு வரவு எடுக்க முடியாது. விருதுநகர்க்காரன் பில்லுல எடுத்துக்கிடுவான். 3 ரூவா லாபத்துல நின்னுக்கிட்டு 5 ரூவா வித்தியாசத்தை எப்படி ஈடுகட்டுவ? சாதாப் பதிவுக்கு மாறித்தான் ஆகணும். மாறினா ரிட்டர்னை நாள் தவறாமப் போடணும். நீ தாமதிச்சா வாங்குனவன் கணக்குல ஒன் பில்லு தெரியாது. கடன் பாக்கியைக் கேட்டா போனை எடுக்காதவன், அன்னைக்கு மட்டும் விடியறதுக்கு முன்னாடி கூப்பிடுவான்.

மூஞ்சியைத் தொங்கப்போடாத. செய்யாதேன்னு சொல்லல, வெவரமாச் செய்யின்னுதான் சொல்லுறேன்.

மில்லுக்காரன் ஒனக்கு எத்தனை நாளோ, நீ ஊருக்கும் அத்தனை நாளு. 7-க்கு 7. பழைய பில்லு முடிஞ்சாத்தான் புதுச் சரக்கு எறங்கும். ஆளுக்கு ஒரு வாரச் சரக்குக்கு மேல பாக்கி ஏறவிடாத. அப்போ அடுத்தவன் கையில ஒன் பணம் நிக்காது. குடோன்ல இருக்குற 2 லட்சத்துக்கு மட்டும் வட்டி, 3,000. இதுலயே 4,800 இருந்தது 9,000 ஆயிருச்சு பாத்தியா? இந்த விதியைச் சொன்னதும் ஒருத்தன் கோவிச்சுக்கிட்டுப் போவான். போகட்டும். ஓடிப்போகப் போறவன் யாருன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கிறதுக்கு அதைவிட மலிவான வழி இல்ல.

பெறகு, சீனியை நம்பாத. அதோட விலை எல்லாருக்கும் தெரியும், அதுல 3-க்கு மேல நிக்காது. கிராமத்துக் கடைக்காரன் சீனி வாங்க வர்றப்போ வத்தலும் சீரகமும் புளியும் சேத்து எடுப்பான். அதுல நூத்துக்கு 8 நிக்கும். மெஸ்ஸை விட அந்தச் சின்னக் கடைக்காரனைத்தான் தேடிப் பிடிக்கணும். 6 லட்சத்துல ஒரு லட்சம் இந்த மாதிரிச் சரக்காப் போனா அதுல 8,000, மிச்ச 5 லட்சத்துல 15,000. வட்டியும் வண்டிக்கூலியும் போக 14,000. அடடா, நீ இன்னைக்கு இருக்குற இடத்துக்கே வந்து சேந்துட்ட! ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அதே ரோட்டுல, அதே ஆட்டோவுல இன்னும் பத்து மூட்டை ஏத்துனா கூலி பெரிசாக் கூடாது. அந்தப் பத்தாவது மூட்டையில இருந்துதான் மொத்த வியாபாரத்துல காசு பாப்ப. அதுவரைக்கும் சில்லறைக் கல்லாவை மூடிராத, வீட்ல ஒல கொதிக்கிறது அதுலதான்.

கடைசியா ஒண்ணு. ஒன் மச்சான், அதான் நான் பெத்த பிள்ளை, டீக்கடை போடப் போறானாம். நாளைக்கு வந்து ரெண்டு மூட்டை சீனி கடனாக் கேப்பான். மாமன் மகன்னு பாக்காத, ரொக்கம் இல்லாமக் குடுத்துராத. குடுத்தேன்னா வசூலுக்கு இங்கதான் வருவ. அன்னைக்கு நான் வீட்ல இருக்கமாட்டேன்.