வயிறும் வாட்ஸ்அப்பும்

கேள்வி: போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வயிற்றுப்போக்கு என்று மேனேஜருக்கு எத்தனை தடவை என்பது வரை விவரமாக எழுதி லீவு கேட்டேன். அவர் அதை அப்படியே ஆபீஸ் குரூப்பில் போட்டுவிட்டார். எவ்வளவு சொல்லலாம்?
- ஒரு வாசகர், கம்பம்

பதில்: எண்ணிக்கை கணக்குப் புத்தகத்தோடு நிற்கட்டும்! மேனேஜருக்கு வேண்டியது மூன்றுதான்: வர முடியாது, எப்போது வருவீர்கள், கைவேலை யாரிடம். ‘சார், உடம்பு சரியில்லை. டாக்டர் இரண்டு நாள் ஓய்வு சொன்னார். வியாழன் வருவேன். ஏலப் பட்டியல் மேசை டிராயரில்.’ போதும்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் (1947) நோய்க்கென்றே ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. சான்று கேட்டால் டாக்டர் சீட்டைக் கொடுங்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒரே விலக்கு: நீங்கள் பரோட்டா மாஸ்டராக இருந்திருந்தால் வயிற்றுப்போக்கை மறைக்கக் கூடாது. உணவைத் தொடுகிறவர் தொற்றுநோயை முதலாளியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. அப்போதும் நோயின் பெயர் போதும், தடவை வேண்டாம்.

குரூப்பில் போட்டதை அழிக்கச் சொல்லி அவருக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். குரூப்பிலேயே கேட்டால், பார்க்காதவர்களும் மேலே தள்ளித் தேடுவார்கள்.