மியூட் அண்ணன்

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி எதற்குள் போனாலும் மியூட் அண்ணன் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் குவாலிட்டி டிபார்ட்மெண்ட். கஸ்டமர் இருப்பது அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவில். பைக்கை எடுத்தால் நேரில் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனாலும் காலை ஒன்பதரைக்கு வீடியோ கால்தான்.

போன லாட்டில் பிசிறு ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, டூல் தேய்ந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறார். புருவம் ஏறுகிறது, கை வீசுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. "சார், மியூட்லோ உன்னாரு" என்கிறது ஒரு கட்டம். "மியூட் தெகீரி சார்" என்கிறது இன்னொன்று. திரையில் இருக்கும் மைக்கைத் தட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். அப்போதும் மௌனம்! ஹெட்செட் வயரில் தனியாக ஒரு மியூட் பொத்தான் இருப்பதைப் பக்கத்து மேசை டிரெய்னி வந்து காட்ட வேண்டியிருக்கிறது. திரையில் மூடியிருந்தால் 'உங்கள் மைக் அணைந்திருக்கிறது' என்று ஆப்பாவது சொல்லும். வயரில் மூடினால் அதற்குப் போய்ச் சேர்வதே மௌனம்தான், பாவம், எதை வைத்து எச்சரிக்கும்?

தப்பு முழுக்க அண்ணனுடையது அல்ல. பழைய லேண்ட்லைனில் நாம் பேசுவதில் கொஞ்சம் நம் காதுக்கே திரும்பி வரும். 'சைடுடோன்' என்பார்கள். லைன் செத்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். லேப்டாப்பில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. அறைக்குள் பேசும் தன் குரல் தனக்கு நேராகக் கேட்பதால் ஊருக்கே கேட்கிறது என்று அண்ணன் நம்பிவிடுகிறார்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், சிரிப்பவர்களைப் பாருங்கள். எல்லோரும் போன வாரம் அதே இடத்தில் வாயசைத்தவர்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் வழக்கறிஞர் ஒருவர், ஃபில்டரில் மாட்டிக்கொண்டு பூனைக்குட்டி முகத்தோடு ஆன்லைன் கோர்ட்டில் தோன்றி, தான் பூனை இல்லை என்று நீதிபதிக்குச் சொன்னார். ஓசூர்வரை உலகமே சிரித்தது. கொரோனாவில் ஒரு வருஷம் ஊரே அந்தக் கட்டங்களுக்குள் அடைபட்டுக் கிடந்திருந்தது. அதையே 2015-இல் சொல்லியிருந்தால், என்ன கோர்ட், என்ன ஃபில்டர் என்று விளக்குவதற்குள் ஜோக் செத்திருக்கும்.

அண்ணனுக்கு இன்னொரு மறதியும் உண்டு: பேசி முடித்தபின் மைக்கை மூட மாட்டார். "இவனுக்கு டிராயிங்கே படிக்கத் தெரியாது, நம்ம உயிரை வாங்குறான்" என்று டிரெய்னியிடம் அவர் முணுமுணுத்தது பொம்மசந்திராவில் துல்லியமாகக் கேட்டது. அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் மறதியில் போவது ரெண்டு நிமிஷம், இதில் போவது ஆர்டர். ஆகவே வாசகரே, பேசும் முன் மறந்தாலும் பரவாயில்லை, பேசி முடித்ததும் அந்தப் பொத்தானை ஒரு தரம் பார்த்துவிட்டு மூச்சு விடுங்கள்.