சட்டைப் பையில் ஒரு நகரம்

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் புதிய சின்னத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். கேடயத்துக்குள் குத்துவிளக்கு, திறந்த புத்தகம், தாமரை, பூமிப்பந்து, கம்ப்யூட்டர், பின்னணியில் தூண்களோடு செட்டிநாட்டு வீடு. வளவும் முற்றமும் மட்டும் விட்டுப்போயிருந்தன. தாளாளர் அதையும் கேட்பார் என்று பயந்தேன். மாநில முத்திரைகூட ஒரு கோபுரம், சிங்கத்தூண், இரண்டு கொடி என்று அடக்கமாக நின்றுவிட்டதே!

ஃபிளெக்ஸ் பேனரில் எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. சட்டைப் பைக்கு வந்தபோதுதான் வினை. அங்கே கிடைப்பது ஆறேழு சென்டிமீட்டர் அகலம். எம்பிராய்டரி நூலே கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் தடிமன். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டில் நெருக்கமான சாட்டின் தையல் ஒழுங்காக உட்காராது. தூண்கள் ஒன்றோடொன்று ஒட்டி வீடு மதில்சுவரானது. தையல் அடர்த்தியில் மெல்லிய துணி இழுபட்டுச் சுருங்க, பூமி முட்டையானது.

எழுத்துகள் குறைந்தது ஐந்து மில்லிமீட்டர் உயரமாவது வேண்டும், இங்கே மூன்று. நம் எழுத்தின் சுழிகள் நூலில் அடைபட்டன. புள்ளிகளோ தனித்தனிக் குட்டித் தையல்கள், இடையில் ஓடும் நூலை வெட்டும்போது கூடவே உதிர்ந்தன. ‘கல்வி’யில் ஒரு புள்ளி போனால் என்ன ஆகும் என்று தமிழாசிரியர்தான் முதலில் கவனித்தார்.

விளக்கையும் பள்ளிப் பெயரையும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள், முதலில் சட்டைத் துணியிலேயே ஒரு மாதிரி தைத்துப் பாருங்கள் என்றேன்.

“கம்ப்யூட்டர் கொடுத்த நன்கொடையாளர் கோபிப்பாரே?” என்றார் தாளாளர்.