டைம்ஷீட்டும் பெட்டி கேஷ் வவுச்சரும்: ஓர் ஒப்பாய்வு

டைம்ஷீட் நேரத்தின் கணக்கு, பெட்டி கேஷ் வவுச்சர் பணத்தின் கணக்கு என்று சிறு அலுவலகங்களில் பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் நம்புகிறார்கள். இரண்டும் ஒரே வாக்குமூலத்தின் இரு பக்கங்கள் என்பதே இக்கட்டுரையின் துணிபு. சான்றுக்குச் சென்னை ஆடிட்டர் அலுவலகம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே பெட்டி கேஷின் நிலைத்தொகை 5,000 ரூபாய். பெட்டியிலுள்ள ரொக்கம், வவுச்சர்கள், முன்பணச் சீட்டுகள் மூன்றையும் எப்போது கூட்டினாலும் அந்த 5,000 வரவேண்டும். காலையில் ரொக்கம் 3,260, வவுச்சர் 1,740. வாடிக்கையாளர் ஒருவரின் அறிக்கையைப் பாரிமுனையில் பைண்டிங் செய்துவர, பயிற்சிக்கு வந்த இளைஞர் ஒருவர் 500 ரூபாய்க்குச் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். போக ஆட்டோ 120, பைண்டிங் 180, திரும்ப ஆட்டோ 140. ஆக 440 செலவு, மீதி 60.

வவுச்சரில் எழுதவேண்டியது 440; வாங்கிப்போன 500 அல்ல. மீதியைக் கொடுத்ததும் முன்பணச் சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட வேண்டும். இல்லையென்றால் அது பெட்டிக்குள் கிடந்து, இல்லாத கடனுக்குச் சாட்சி சொல்லும். ஆட்டோவுக்குப் பில் கிடையாது. ஆகவே எங்கிருந்து எங்கே, யார் வேலைக்காக என்ற விவரமே அங்கே பில். பைண்டிங் கடையின் பில் வெப்பத்தாளில் அச்சானது, சில மாதங்களில் வெளுத்துவிடும். அதன் நகலும் இணைப்பில் இருக்கட்டும். தொகை தவறிப்போனால் அதன் மேலேயே திருத்தி எழுதாமல், அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பமிட வேண்டும். ‘அழகுக்காக 450 என்று போட்டால் என்ன?’ என்பார்கள். 60 ரூபாயை நாணயமாகத் திருப்பிக் கொடுத்தவர் 450 என்று எழுதினால் பெட்டி 5,010 காட்டும். பணம் குறைந்தால் தேடுவார்கள். கூடினாலோ, இதற்கு முன்பு எது கூடியது, அது எங்கே போனது என்று கேட்பார்கள்.

இனி டைம்ஷீட். அன்றைய பக்கத்தில் ‘ஆவண வேலை, 8 மணி நேரம்’ என்று மட்டும் இருந்தால், முற்பகலில் ஆட்டோவில் போனது யார் என்ற கேள்வி எழும். ‘11.10 முதல் 1.00 வரை, இன்ன வாடிக்கையாளரின் அறிக்கை பைண்டிங், வெளிவேலை’ என்ற ஒரு வரி போதும். வெள்ளி மாலையில் ஐந்து நாளையும் நினைவிலிருந்து நிரப்புவோரைக் கண்டுபிடிப்பது எளிது: எட்டு, எட்டு, எட்டு, எட்டு, எட்டு. மதிய உணவு, வெளிவேலை, மின்தடை எதுவும் அசைக்க முடியாத இந்த ஒழுங்கு மனித இயல்புக்கு ஒவ்வாதது.

டைம்ஷீட்டை யாரும் படிப்பதில்லை என்பது வலுவான மறுப்பு. பெரும்பாலான நாட்களில் உண்மையும்கூட. ஆனால் வாடிக்கையாளருக்குக் கட்டண பில் போடும் நாளில் படிப்பார்கள். அந்த 440 ரூபாயை அவரிடம் கேட்டு வாங்கலாமா, அலுவலகமே ஏற்பதா என்பதை முடிவு செய்வது அந்த ஒற்றை வரிதான். வவுச்சரில் ‘இதர செலவு’ என்றும் டைம்ஷீட்டில் ‘பொது வேலை’ என்றும் எழுதியிருந்தால், 440-ஐ அலுவலகமே ஏற்கும். ஆகவே வெளிவேலை முடிந்து வந்தவர், ஃபேனுக்கடியில் உட்கார்ந்த கையோடு இரண்டையும் எழுதிவிடுவது நல்லது.