ஒரே குடும்பம், எட்டு வார நோட்டீஸ்

கம்பெனி விருந்தில் மைக்கைப் பிடித்த மேனேஜர் தவறாமல் சொல்வார்: "நாமெல்லாம் ஒரே குடும்பம்." சொந்தக் குடும்பத்தில் ஒருவர் படுத்த அன்றுதான் தெரியும், இந்தக் குடும்பத்தை விட்டுப் போக எட்டு வாரம் ஆகும் என்று.

லோபாக்கில் குடியிருந்து, தோட்டத்து ஆலையில் ஏழு வருஷம் உழைத்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பக்கவாதம். பார்க்க வேறு ஆளில்லை. மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் இதற்கென்று விடுப்பே கிடையாது. வன்முறையோ நோயோ தொழிலாளியையோ அவரைச் சார்ந்தவர்களையோ உடனடியாக மிரட்டினால் நோட்டீஸ் இல்லாமல் கிளம்பலாம். அம்மாவின் பக்கவாதம் அந்தக் கணக்கில் வருமா என்பது சந்தேகம். பெரிய மனசு!

சரி, விலகலாம். ஒப்பந்தத்தில் எழுதியிராவிட்டால், இரண்டு வருஷத்துக்குள் 4 வாரம், ஐந்துக்குள் 6, அதற்கு மேல் 8. விசுவாசம் கூடக் கூட வாசல் தள்ளிப்போகிறது. நிற்காமல் போனால் அந்த நாட்களின் சம்பளத்தை நாம் கட்டவேண்டும். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு அது 3,000 வெள்ளியைத் தாண்டும். கடைசிச் சம்பளத்தில், சம்மதம் கேட்காமலே பிடிக்கலாம்.

இரு தரப்புக்கும் ஒரே அளவுதானாம். சமத்துவம்! கம்பெனி காசைக் கொடுத்து அன்றைக்கே ஆளை வெளியேற்றும். அதற்கு அது கணக்கில் ஒரு வரி. இவருக்கு அது அம்மாவின் மருந்தும் டாக்சியும்.

இந்த நோட்டீஸ் அளவைச் சொல்லும் 12-ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. நோட்டீஸ் உரிமையை எந்தத் தரப்பும் விட்டுக்கொடுக்கலாம். கம்பெனிக்கு ஒரு கையெழுத்து வேலை. அந்தக் கையெழுத்துக்காகத்தான் இவ்வளவு பணிவு:

"மதிப்பிற்குரிய ஐயா, என் தாயாருக்குப் பக்கவாதம். உடனிருந்து பார்க்க வேண்டியிருப்பதால் வேலையிலிருந்து விலகுகிறேன். வரும் வெள்ளிக்கிழமை என் கடைசி வேலைநாள். மீதமுள்ள ஆண்டு விடுப்பை நோட்டீஸ் காலத்தில் கழித்து, எஞ்சிய நாட்களையும் அதற்கான இழப்பீட்டையும் தள்ளுபடி செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் என் பொறுப்புகளை ஒப்படைத்துவிடுவேன். மருத்துவமனைக் கடிதத்தை இணைத்துள்ளேன். தங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்கவும்."

படித்ததும் வரும் கேள்வி: "அம்மாவுக்கு வேற பிள்ளை இல்லையா?" அடுத்தது: "மேலிடத்தில கேக்கணும்." மேலிடம் கோல்ஃப் மைதானத்தில் இருக்கும். கடைசியில் முதுகைத் தட்டி, "கவலைப்படாதே, போய் அம்மாவைப் பாரு" என்பார்கள். மனசு இளகிவிடும். சம்பளம் வரும்போது அது பாதியாகக்கூட இராது. கேட்டால், "தள்ளுபடின்னு யாரு எழுதிக் கொடுத்தா?"

அதனால்தான் "இழப்பீடு" என்ற சொல்லைக் கடிதத்தில் விடக்கூடாது. சீக்கிரம் போக அனுமதித்தார்களா, பணத்தையும் விட்டார்களா என்பதில்தான் வாய்ச்சொல் விளையாடும்.

தள்ளுபடி அவர்கள் விருப்பம். மறுத்தால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் எழுத்தில் ஒப்புக்கொண்டு பிறகு பிடித்தால், அந்தக் கடிதத்தோடும் சம்பளச் சீட்டோடும் நேரே சிரம்பான் தொழிலாளர் இலாகாவுக்குப் போய்ப் புகார் கொடுங்கள்.